காரணம்: மருத்துவ சிகிச்சை



இந்த வாரம் வந்த கடிதங்கள்ல ஒண்ணுல பேர் இல்லை. ஊர் மட்டும் இருக்கு: மூலக்குளம். வயசு 25, டிப்ளமோ முடிச்சவர், பக்கத்துல மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில மெஷின் ஆபரேட்டர். மூணு வருஷமா தினமும் குடி. இப்போ காலையில எழுந்தா கை நடுங்குது, கொஞ்சம் உள்ளே போனாதான் நிக்குது. "சிகிச்சை எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா லீவ் லெட்டர்ல என்ன எழுதறது? உண்மையை எழுதினா வேலை போயிடுமோன்னு பயம். எங்க சூப்பர்வைசர் வீடு எங்க பின்தெருவுல. அதனால வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவ் போட்டு, ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நானே நிறுத்திடலாம்னு பார்க்கறேன்."

தம்பி, லெட்டரை அப்புறம் எழுதலாம். முதல்ல அந்த மூணு நாள் பிளானைக் கிழிச்சுப் போடுங்க.

தினமும் குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா சும்மா இருக்காது. கடைசி கிளாஸுக்கு அப்புறம் ஆறு மணி நேரத்துல இருந்தே நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். அதுக்கும் பெரிய ஆபத்து ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள. ஆள் குழம்பிப் போய், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சு, ஜுரம் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்லை. ஆனா காலையில கை நடுங்கறவரும், முன்னாடி ஒருதடவை வலிப்பு வந்தவரும் தனியா ரூம்ல இதைச் செஞ்சு பார்க்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்க. வெள்ளிக்கிழமை நிறுத்தினா, ஞாயிறு ராத்திரியும் திங்கள் காலை ஷிப்ட்டும் சரியா அந்த ஆபத்தான நேரத்துல வந்து விழுது. மூணு நாள் லீவ் பத்தாதுங்கறது மட்டும் இல்லை, லீவ்லயே மோசமான லீவ் அதுதான்.

ஆஸ்பத்திரியில இதையே டயஸிபாம், லோராஸிபாம் மாதிரி மாத்திரையை அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைச்சு, கூடவே தயமின்ங்கற பி1 வைட்டமின் ஊசியும் போட்டுக் கடத்திடுவாங்க. உடம்பு அடங்க சுமார் ஒரு வாரம், பத்து நாள். அதுக்கப்புறம் கவுன்சலிங். எத்தனை நாள் தங்கணும்னு டாக்டர்தான் சொல்லணும். அதனால வரிசை இப்படி: முதல்ல டாக்டர், அப்புறம் தேதி, அதுக்கப்புறம்தான் லெட்டர். அந்தத் தேதி வர்ற வரைக்கும் நீங்களா ஒரேயடியா நிறுத்தவும் வேண்டாம், டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. மூலக்குளத்துல இருந்து கோரிமேடு ஜிப்மர் ஒண்ணும் தூரம் இல்லை, அங்கே மனநலப் பிரிவு இருக்கு. நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416க்கு போன் பண்ணலாம். டெலி மானஸ்னு மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயும் பேசலாம்.

ஜிப்மரைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கு. சென்னையில 1980ல சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, குடிநோய்க்குன்னே இருக்கற இடங்கள் நல்ல இடங்கள். ஆனா அந்தப் பேரைப் பார்த்தாலே எதுக்குன்னு விஷயம் தெரிஞ்ச ஆளுக்குப் புரிஞ்சுடும். எல்லா நோய்க்கும் ஆள் வர்ற பொது ஆஸ்பத்திரியோட முத்திரை அப்படி எதையும் காட்டிக் கொடுக்காது. க்யூவுல தெரிஞ்ச முகம் யாராவது எதிர்ப்பட்டா? அவரும் ஏதோ ஒரு வியாதிக்குத்தானே வந்திருக்கார், விடுங்க.

சரி, லெட்டருக்கு வருவோம். டாக்டர் இருபது நாள் சொல்லிட்டார்னு வச்சுப்போம். உங்ககிட்ட என்ன லீவ் இருக்குன்னு முதல்ல பாருங்க. ஃபேக்டரியில பொதுவா 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோட லீவ் சேரும். வருஷத்துல 280 நாள் போயிருந்தா 14 நாள். இந்த லீவோட அழகு என்னன்னா, இதுக்கு நோய்க் காரணமே சொல்ல வேண்டியதில்லை. 'சொந்த வேலை' போதும். ஆனா முன்கூட்டியே, வழக்கமா 15 நாளுக்கு முன்னாடி கேட்கணும். மிச்ச ஆறு நாளைக்கு மருத்துவ லீவ். சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்கன்னா, முழு இருபது நாளையுமே அந்த வழியில எடுக்கலாம். தேவையான நாள் சந்தா கட்டியிருந்தா, சம்பளத்துல சுமார் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவித்தொகை உண்டு. அதுக்கு இ.எஸ்.ஐ. டாக்டரோட சான்று வேணும், அதனால ஜிப்மருக்குப் போறதுக்கு முன்னாடியே உங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துல காட்டிப் பதிவு பண்ணிடுங்க. அப்புறம் போய் 'அங்கே படுத்திருந்தேன்'னா இழுத்தடிப்பாங்க.

லெட்டர் இவ்வளவுதான்:

"ஐயா, மருத்துவரின் ஆலோசனைப்படி உள்நோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டியுள்ளதால், இம்மாதம் 3ஆம் தேதி முதல் 22ஆம் தேதி வரை எனக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றிதழும், திரும்பி வரும்போது பணிக்குத் தகுதிச் சான்றிதழும் சமர்ப்பிக்கிறேன். என் மிஷினை இந்த நாட்களில் யார் பார்ப்பது என்று நேரில் பேசிக்கொள்கிறேன்."

பார்த்தீங்களா, இதுல ஒரு பொய்யும் இல்லை, நோயோட பேரும் இல்லை. கம்பெனிக்குத் தேவையானது எத்தனை நாள், திரும்பி வருவாரா, வந்தா வேலை செய்வாரா, இவ்வளவுதான். கடைசி வரி சின்னதா தெரியும், ஆனா சூப்பர்வைசரோட நிஜமான தலைவலி அதுதான். அதைத் தீர்த்துட்டா 'என்ன வியாதி'ங்கற கேள்வியோட சூடு பாதி குறைஞ்சிடும். அப்பவும் கேட்டா, "மருத்துவ விஷயம் சார், டாக்டர் பார்த்துட்டிருக்கார். 23ஆம் தேதி வந்துடுவேன்"னு சொல்லிட்டு நிறுத்திடுங்க. அதுக்கு மேல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா மாட்டிக்குவீங்க. லெட்டரையும் சூப்பர்வைசர் கையில கொடுக்காம, மனிதவளப் பிரிவுல கொடுத்து நகல்ல முத்திரை வாங்கிக்குங்க. சொல்லாம பத்து நாளுக்கு மேல வராம இருந்தா பல கம்பெனி நிலையாணையில அதுவே தனிக் குற்றம். குடியால வேலை போறதை விட, இப்படிச் சொல்லாம நின்னு வேலை போறது சுலபம்.

பொய் வேண்டாம்னு சொல்றது ஒழுக்கப் பாடம் எடுக்க இல்லை. 'மஞ்சக்காமாலை'ன்னு எழுதிப் பாருங்க. ஷிப்ட் நண்பர்கள் நாலு பேர் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து நிப்பாங்க. அம்மா எந்த ஆஸ்பத்திரின்னு உளறுவாங்க. தெரிஞ்ச கிளினிக்ல காசு கொடுத்து வாங்கின போலிச் சான்றிதழ் இன்னும் மோசம். அது பிடிபட்டா ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே காரணத்தைக் கையில கொடுத்த மாதிரி.

இனி பேப்பர் விஷயம். நிறைய பேர் கோட்டை விடற இடம் இதுதான். ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது ரெண்டு காகிதம் கையில இருக்கும். ஒண்ணு மருத்துவச் சான்றிதழ்: இன்னார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை சிகிச்சையில் இருந்தார், இப்போ வேலைக்குத் தகுதியானவர். இன்னொண்ணு டிஸ்சார்ஜ் சம்மரி: என்ன நோய், எவ்வளவு நாளா, என்ன மாத்திரை, எல்லாம் இருக்கும். ஆபீஸுக்கு முதலாவது மட்டும்தான். 'ஃபைலுக்கு ஒரு ஜெராக்ஸ்'னு ரெண்டையும் கொடுத்துடாதீங்க. சான்றிதழ்லயும் நோய் எழுதற இடத்துல F10.2ன்னு ஒரு குறியீடு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல அது மதுச் சார்பு. கூகுள்ல போட்டா ஒரு நொடியில தெரிஞ்சுடும். அதனால எழுதறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட, "சார், ஆபீஸுக்குப் போற சான்றிதழ்ல நோய் பேரோ குறியீடோ வேண்டாம், தேதியும் தகுதியும் போதும்"னு கேளுங்க. இப்படிக் கேட்கறவர் நீங்க முதல் ஆள் இல்லை.

இதுக்குச் சட்டமும் துணை இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தால வர்ற மனநலப் பாதிப்பையும் மனநோய்ங்கற வரையறைக்குள்ளயே சேர்த்திருக்கு. அதோட 23ஆம் பிரிவுப்படி உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வச்சுக்கறது டாக்டரோட கடமை. யாருக்காவது ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விலக்கு உண்டு. ஆபீஸ்ல இருந்து யாராவது ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டா, உங்க சம்மதம் இல்லாம அவங்க சொல்லக் கூடாது. ஆனா ஒண்ணு, இந்தக் கடமை சிகிச்சை தர்றவங்களுக்குத்தான். நீங்களே கேன்டீன்ல சொன்ன ரகசியத்தை எந்தச் சட்டமும் காப்பாத்தாது.

இன்னொரு ஓட்டை, கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ். பில்லை அங்கே கொடுக்கணும்னா டிஸ்சார்ஜ் சம்மரி போகும், பல இடத்துல மனிதவளப் பிரிவு வழியாவே போகும். இதுல வேடிக்கை என்னன்னா, நம்ம ஊர் பாலிசிகள்ல குடிநோய் சிகிச்சையை விலக்கி வைக்கற ஒரு வழக்கமான நிபந்தனை இருக்கு. ரகசியம் வெளியே போகும், பணமும் வராம போகலாம். உங்க பாலிசியைப் படிச்சுப் பார்க்காம கொடுக்காதீங்க.

அப்போ எப்பவுமே வாயைத் திறக்கக் கூடாதா? ரெண்டு இடத்துல திறக்கணும்னு நான் நினைக்கறேன். ஒண்ணு, திரும்பி வந்த முதல் சில வாரம் தூக்கம் வரவைக்கற மாத்திரை ஓடிட்டிருந்தா. நீங்க மெஷின்ல நிக்கறவர். ப்ரெஸ்ஸுல கை வைக்கறது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறது, நைட் ஷிப்ட் இதெல்லாம் அந்த நேரத்துல வேண்டாம். அதுக்கும் நோய் பேர் தேவையில்லை. "ரெண்டு வாரத்துக்கு ஓடற மெஷின் வேலை, இரவு ஷிப்ட் தவிர்க்கவும்"னு டாக்டர் எழுதிக் கொடுத்தா போதும். உங்க கை மட்டும் இல்லை, பக்கத்துல நிக்கறவர் கையும் இதுல இருக்கு.

ரெண்டாவது, அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா. வாடை வருதுன்னு ஒருதடவை கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க, மெமோ கொடுத்திருக்காங்கன்னா 'பொதுவான மருத்துவ சிகிச்சை'ன்னு எழுதறது கண்ணைக் கட்டிக்கிட்டு விளையாடற மாதிரி. அப்போ மனிதவளப் பிரிவுல ஒரே ஒருத்தர்கிட்ட, நேர்ல, "இதுக்காக ஆஸ்பத்திரியில சேர்றேன், தேதி இது"ன்னு சொல்லிடுங்க. குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி நீங்களா போய் சொல்றதுக்கும், வந்த பிறகு சொல்றதுக்கும் மதிப்பு ஒண்ணு இல்லை. எழுத்துல அப்பவும் 'மருத்துவ சிகிச்சை' மட்டும்தான் இருக்கட்டும், ஃபைல் உங்களை விட அதிக நாள் அந்த கம்பெனியில இருக்கும்.

திரும்பி வந்ததும் முதல் சம்பள நாள்ல ஷிப்ட் பார்ட்டி இருக்கும், புதுச்சேரியில கேட்கவே வேண்டாம். "ஏன்டா மச்சான், வேண்டாங்கற?"க்கு, "மாத்திரை சாப்பிடறேன், ஒத்துக்காது" போதும். டைசல்ஃபிராம் எழுதிக் கொடுத்திருந்தா அது நூத்துக்கு நூறு உண்மை. அதோட கொஞ்சம் குடிச்சாலும் முகம் சிவந்து, வாந்தி, படபடப்புன்னு ஆளைச் சாய்ச்சுடும். யாராவது விளையாட்டா கூல்டிரிங்க்ஸ்ல கலந்து கொடுத்தாலும் அதேதான், அதனால டம்ளரைக் கீழே வைக்காதீங்க. முடிஞ்சா ஒரே ஒரு நண்பனுக்கு மட்டும் உண்மை தெரியட்டும்.

அப்புறம் ரிவ்யூ. டிஸ்சார்ஜுக்கு அப்புறமும் சில மாதம் டாக்டரைப் பார்க்க வரச் சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு சாவு, ஒரு கல்யாணம்னு காரணம் தேடாதீங்க, பாட்டிகள் தீர்ந்து போயிடுவாங்க. வேலையில சேர்ற அன்னைக்கே ரிவ்யூ தேதிகளை எழுதி, "மருத்துவப் பரிசோதனைக்கு, மாதம் ஒரு அரை நாள்"னு மொத்தமா ஒரே லெட்டராக் கொடுத்துடுங்க.

கடிதம் எழுதின தம்பி, தேதி கிடைச்சதும் ஒரு போஸ்ட் கார்டு போடுங்க. பேர் வேண்டாம், மூலக்குளம்னு மட்டும் போட்டா எங்களுக்குப் புரிஞ்சிடும்.