சுளுக்குக்கு ஐஸ் வைக்கலாமா, கூடாதா?

கணுக்கால் பிசகினால் என் அம்மா கல்லுப்பைத் துணியில் முடிந்து, சூடு காட்டி ஒத்தடம் கொடுப்பார். என் பிள்ளைகள் காலத்தில் "உடனே ஐஸ் வை" என்றார்கள். இப்போது பேத்தி, "ஐஸ் வைக்கவே கூடாதாம் தாத்தா" என்கிறாள். டாக்டர்களுக்கே ஒரு முடிவு கிடையாதா என்று நாகலூர் டீக்கடையில் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான்.

கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர் 1978-ல் விளையாட்டு மருத்துவம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்' என்றார். சோறு என்பதால் உலகத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அடிபட்ட இடத்தைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கும் அணுக்கள் ரத்தத்தோடுதான் அங்கே வரவேண்டும். ஐஸ் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுகிறது என்பது காரணம். ஆனால் மனிதர்களின் கணுக்காலில் ஐஸ் கெடுதல் செய்கிறது என்பதற்கும் உறுதியான சான்று குறைவு. அது வலியை மரக்க வைக்கும், அவ்வளவு நிச்சயம்.

இதை ஏன் சோதித்து முடிக்க முடியவில்லை? மாத்திரையாக இருந்தால் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். ஐஸ் வைத்தவருக்கு ஐஸ் வைத்தது தெரியாமல் இருக்குமா? போதாக்குறைக்குப் பெரும்பாலான சுளுக்கு தானாகவே ஆறிவிடும். கடைசியாக என்ன செய்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

என்னைக் கேட்டால், ஐஸ் சின்ன விஷயம். முதலில் பார்க்க வேண்டியது எலும்பு. போன காப்பி சீசனில், பழம் பறிக்கும் ஒரு பெண்மணிக்குச் சரிவில் ஈரச் சருகு வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வெளிக்கணுவுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் போல வீக்கம். எண்ணெயோடு உருவிவிட ஒருவர் வந்துவிட்டார். அவரை நிறுத்திவிட்டு, நாலு அடி நடக்கச் சொன்னோம். நொண்டியபடி நடந்தாள், நொண்டினாலும் கணக்குதான். பிறகு இரண்டு பக்கக் கணு எலும்பின் பின்விளிம்பையும் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்திப் பார்த்தோம். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் முட்டி நிற்கும் எலும்பையும், உள்பக்கம் கணுவுக்கு முன்னால் இருக்கும் எலும்பையும் அழுத்தினோம். எலும்பில் வலியில்லை, மெத்தென்ற இடத்தில்தான் வலி. அப்படியென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த சோதனை இது. எலும்பில் வலித்திருந்தாலோ, நாலு அடி வைக்க முடியாமல் போயிருந்தாலோ, எக்ஸ்ரேக்குச் சேலத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான். விரல்களின் அடியிலிருந்து குதிகாலையும் சேர்த்து மேல்நோக்கிக் கிரேப் பேண்டேஜ். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றில் பாதியை மூடும்படி. விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும்; தூங்கும்போது கட்டு வேண்டாம். படுத்து, தலையணைமேல் காலை நெஞ்சுக்கு மேலாக வைத்தாள். வலிக்கு மட்டும் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். ஐஸ் இல்லாத வீட்டில் மார்கழித் தண்ணீரில் நனைத்த துண்டே போதும். சூடும் உருவலும் முதல் இரண்டு மூன்று நாளைக்கு ஆகாது. உள்ளே அறுந்த சின்ன ரத்தக் குழாய்கள் மேலும் கசியும். (அம்மா மன்னிக்கட்டும்.)

'ரைஸ்' செய்த உண்மையான கெடுதல், ஓய்வு என்ற சொல்லில் இருந்தது. அதைக் கேட்டு மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெண்டைக்கால் மெலிந்து, கணு இறுகிப்போய் எழுந்தார்கள். 2012-ல் ஒரு மருத்துவ இதழ் ஓய்வுக்குப் பதிலாக 'அளவான பாரம்' என்று மாற்றிச் சொன்னது. இந்த மாற்றம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்மணி மறுநாளே படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைத்தாள்; மூன்றாம் நாள் கம்பு ஊன்றி, வலி தாங்கும் அளவுக்குப் பாரம் வைத்து அடுப்படிக்கு வந்தாள். சரிவில் கூடை கட்டி இறங்க மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகிக்கொண்டாள். நரம்பும் தசையும் சமநிலையை மறந்திருந்தால் அதே கால்தான் மறுபடி பிசகும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால், அழுத்திப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது, முறிந்திருந்தாலும் வலி தெரியாது. ஐஸ் வைத்தால் தோல் வெந்துபோவதும் தெரியாது. எலும்பு தேய்ந்தவர்களுக்குச் சாதாரண வழுக்கலே முறிவாகலாம். இவர்கள் நாலு அடி நடந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. மற்றவர்களும் ஐந்தாறு நாள் கழித்து இன்னும் பாரம் வைக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டும்.