வீடு அவருடையது, விருப்பம் யாருடையது?

கிள்ளானில் வாடகை வீடு தேடியபோது, என் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தினார். "இந்தியரா? மன்னிச்சுக்குங்க, ஆள் வந்துட்டாங்க." மறுநாள் என் சீன நண்பர் அதே எண்ணுக்கு அழைத்தார். வீடு காலி. சாவி எப்போது வேண்டும் என்று கேட்டார்கள்.

இதை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் சொன்னால், நம்மவர்களே சமாதானம் சொல்கிறார்கள்: "அவர் வீடு, அவர் விருப்பம்." இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீடு அவருடையது. விருப்பம் அவருடையதல்ல.

சொந்த விருப்பம் என்றால் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஒருவரையொருவர் அறியாத வீட்டுக்காரர்கள், மசாலா வாடை, வாடகை பாக்கி என்று அதே இரண்டு காரணங்களை அதே வரிசையில் சொல்வது எப்படி? தமிழ் வீட்டுக்காரர்கள் சிலரே "நம்ம ஆளுங்களுக்கு வேண்டாம்" என்கிறார்களே, அது யாருடைய விருப்பம்? ஒருவர் மனமிரங்கித் தமிழருக்குக் கொடுக்க முன்வந்தாலும் ஏஜெண்ட் எச்சரிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895இல் இதற்குச் 'சமூக உண்மை' என்று பெயரிட்டார். அது தனிமனிதருக்கு வெளியே இருக்கிறது. அதோடு ஒத்துப்போகும் வரை அதன் கனம் தெரியாது. மீறிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இதை எப்படி நிரூபிப்பது? வீட்டுக்காரரைக் கேட்டால் "நான் இனம் பார்ப்பதில்லை" என்பார். அவர் பொய் சொல்வதாகக்கூட இருக்காது. அதனால் சமூகவியலாளர்கள் ஆளைக் கேட்காமல் நடப்பை எண்ணுகிறார்கள். வேலை, சம்பளம், கேட்கும் விதம் எல்லாம் ஒன்றாக வைத்து, பெயரை மட்டும் மாற்றி, ஒரே விளம்பரத்துக்கு இருவரை அனுப்புவார்கள். யார் முதலில் அழைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இல்லாவிட்டால் இடையில் வீடு உண்மையாகவே போயிருக்கலாம் என்ற சந்தேகம் நிற்கும். என் நண்பரின் ஒரே அழைப்பு எதையும் நிரூபிக்காது. நூற்றுக்கணக்கான அழைப்புகளில் இடைவெளி ஒரே பக்கம் சாய்ந்தால், அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

மலேசியாவில் வேலைவாய்ப்பில் இதைச் செய்து பார்த்தார்கள். லீ ஹுவொக் ஆனும் முஹம்மது அப்துல் காலிதும் மலாய், சீனப் பெயர்களில் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருவதை, விண்ணப்பத்தின் தரத்தைவிட இனமே அதிகம் தீர்மானித்தது. அதில் பின்தள்ளப்பட்டவர்கள் பெரும்பான்மை மலாய்க்காரர்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் இல்லை என்பது எனக்குக் குறைதான். இந்த முறைக்கும் எல்லை உண்டு. மறுப்பு நடக்கிறது என்று காட்டும். மறுத்தவர் மனதில் வெறுப்பா பயமா என்று காட்டாது.

ஆனால் வீடு கிடைக்காதவனுக்கு அந்த மனம் எதற்கு? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தனியார் வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. "அவர் விருப்பம்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த ஓட்டையை அடைக்கக் கேட்க வேண்டிய வாயை நாமே மூடிக்கொள்கிறோம்.