அண்ணனின் கணக்கு

ஒரு குறும்படத்துக்காக நான் எழுதிய வில்லன் பேச்சை வாசித்துக் காட்டியபோது நண்பர்கள் ஆறு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் பன்னிரண்டு நிமிஷம். கும்பகோணம் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசல், பத்திரம் எழுதுகிறவரின் பெஞ்சு. அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அண்ணன் தங்கையை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அழைத்து வந்திருக்கிறான். அப்பாவின் நிலத்திலும் வீட்டிலும் தனக்குள்ள பங்கை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டதாக அவள் எழுதித் தரவேண்டும். பிதுரார்ஜிதத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்தாயிற்று. சட்டம் கொடுத்ததைக் குடும்பம் திரும்ப வாங்கிக்கொள்கிற வழி இந்தப் பத்திரம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. தங்கை தயங்குகிறாள். அண்ணன் ஒன்றரை நிமிஷம் பேசுகிறான். அந்தப் பேச்சைத்தான் என்னிடம் கேட்டார்கள்.

முதல் பிரதியில் அவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன். பக்கவாதத்தில் ஆறு வருஷம் கிடந்த அப்பா. அவருக்காக உதறிவிட்டு வந்த திருப்பூர் வேலை. முடிவில், நீ அவருக்கு மகள், நான் அவருக்குத் தாய் என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரியில்தான் கைதட்டல் விழுந்தது. ‘நானாக இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன்’ என்றார் ஒருவர். படம் தோற்றுப்போயிற்று என்று அப்போதே தெரிந்துவிட்டது. தங்கையின் பங்கைப் பிடுங்குகிறவனுக்கு நான் ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதியிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது நம் வட்டத்து விமர்சகர் ஒருவர் சிரித்தார். எழுத்தாளன் நீதிபதி அல்ல, அவனைப் புரியவைத்தாகிவிட்டது, அதற்குமேல் உமக்கு என்ன வேலை என்று கேட்டார். நம் பக்கங்களில் இருபது வருஷமாக வேதவாக்காக ஓடிக்கொண்டிருக்கிற வாக்கியம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பெஞ்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். வாய் உள்ளவனை மட்டும் புரிந்துகொண்டு மற்ற இருவரையும் நாற்காலி மேஜையோடு சேர்த்துவிடுவதற்குப் புரிதல் என்று பெயரில்லை. வக்காலத்து என்று பெயர்.

‘தி தேர்ட் மேன்’ (1949) படத்தை எடுத்துக்கொள்வோம். கிரஹாம் கிரீன் எழுதி கரோல் ரீட் இயக்கியது. போருக்குப் பிந்திய வியன்னாவில் ஹாரி லைம் கலப்படப் பென்சிலின் விற்கிறவன். ராட்சத ராட்டினத்தின் உச்சியிலிருந்து கீழே நடமாடும் மனிதர்களை வெறும் புள்ளிகளாகக் காட்டி நண்பனிடம் பேசுகிறான். இறங்கிய பிறகு, போகிற போக்கில் சுவிஸ் கடிகாரத்தைப் பற்றி ஒரு கிண்டலை வீசிவிட்டுப் போகிறான். ஆர்சன் வெல்ஸ் தானாகச் சேர்த்த வரிகள் அவை. ஊர் உலகம் மேற்கோள் காட்டுவது அவற்றைத்தான். ஆனால் அந்தப் படம் அவனோடு நின்றுவிடவில்லை. பிறகு நண்பனைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறது. நோயாளிக் குழந்தையின் முகத்தை நமக்குக் காட்டுவதில்லை. கட்டில்களையும், பார்க்கிறவன் முகத்தையும், கீழே போடப்படுகிற ஒரு கரடி பொம்மையையும்தான் காட்டுகிறது. ராட்டினத்தின் மேலிருந்து புள்ளியாகத் தெரிந்தது என்ன என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

அது முழுநீளப் படம், பேச்சுக்கு ஈடு செய்யப் பின்னால் இடம் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு இடம் கிடையாது. அதைப் பேச்சுக்குள்ளேயே வைத்தாக வேண்டும். என் பிரச்னை அதுதான்.

இரண்டாம் பிரதியில் அவனைப் பொய்யனாக்கினேன். சீட்டாட்டக் கடன், குடி. வாசித்ததும் எல்லோரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவன் சொல்லும் எதையும் யாரும் நம்பவில்லை, ஆகவே யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. இயக்குநர் வேறொரு யோசனை சொன்னார்: சின்ன வயதில் அப்பா அவனைப் பெல்ட்டால் அடித்ததாக ஒரு காட்சி வைக்கலாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய அடி அவன் ஏன் துக்கமாக இருக்கிறான் என்பதற்குப் பதிலாகலாம். இன்று பதினொரு மணிக்கு அவனுக்குத் தங்கையின் கையெழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு அது பதிலாகாது. தமிழ் சினிமாவில் வில்லன்களுக்கு இப்போது வைத்தியச் சான்றிதழ் போல ஒரு பால்ய காலம் ஒட்டிக்கொண்டு வருகிறது. சலித்துவிட்டது.

மூன்றாம் பிரதிக்கு வழி அண்ணியிடமிருந்து கிடைத்தது. படத்தின் தொடக்கத்தில், அப்பா இருந்த காலத்தில், அண்ணி கிணற்றடியில் பெட்பானைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற ஒரு ஷாட் ஏற்கனவே இருந்தது. நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பத்திர ஆபீஸ் பெஞ்சின் ஓரத்தில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பேச்சு இப்படி:

“பாப்பா, உன்னயக் குத்தம் சொல்லல. நீ இருக்கறது தூரம். திருப்பூர்ல என்னய சூப்பர்வைசராப் போடறேன்னாங்க, விட்டுட்டு வந்தேன். மழையில பஸ் ஓடாதப்ப ஆஸ்பத்திரிக்கு முதுகுல தூக்கிட்டுப் போனேன், ஊருக்கே தெரியும். ஆறு வருஷம் பீ, மூத்திரம் எல்லாம் நான்தான் அள்ளுனேன். நீ பொங்கலுக்கு வருவே. ஆப்பிள் வாங்கிட்டு வருவே. உன் கையப் புடிச்சிக்கிட்டு அழுவாரு. என் கைய ஒரு நாள் புடிச்சதில்ல. சரி, அத விடு. ஆதார் கொண்டாந்தியா? ரெண்டு ஜெராக்ஸ் வேணுமாம்.”

திருப்பூர் வேலை உண்மை, முதுகில் தூக்கியதும் உண்மை. இவை பொய்யானால் அவன் மறுபடி இரண்டாம் பிரதியின் சூதாடி ஆகிவிடுவான். அள்ளியது மட்டும் அவன் அல்ல. ஆனால் அவன் பொய் சொல்வதாக அவனுக்கே தோன்றவில்லை. தன் வீட்டில் நடந்த வேலையெல்லாம் தான் செய்ததாகவே அவன் கணக்கில் ஏறியிருக்கிறது. கிணற்றடியைப் பார்த்திருக்கிற பார்வையாளனுக்கு அந்த ‘நான்தான்’ இடறும். அதற்கு அடுத்தாற்போலத்தான் அப்பாவின் கை வருகிறது. அவனுக்கு வேண்டியிருந்தது நிலம் அல்ல, அந்தக் கை. அதற்கு நஷ்ட ஈடாகத்தான் நிலத்தைக் கேட்கிறான். இந்த இடத்தில் அவனுக்காக வலிக்க வேண்டும், அதைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆறு வருஷமாக யாருமே பிடிக்காத இன்னொரு கை, சாம்பலில் வெடித்தது, அதே பெஞ்சில் இருக்கிறது. அதை அவன் பார்க்கவில்லை.

ஜெராக்ஸில் முடித்ததற்கும் காரணம் உண்டு. ஒரு பேச்சு அழகான வரியில் முடிந்தால் கேட்கிறவன் அந்த வரியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறான். பேசியவன் என்ன காரியத்துக்காகப் பேசினான் என்பது அங்கேயே விழுந்துவிடுகிறது. இவன் காரியத்துக்காகப் பேசினான். அழுகை தொண்டையில் நிற்கும்போதே காகிதம் கேட்கிறான். நடிகருக்கு இது பிடிக்கவில்லை. தாய் வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

மறுபடி வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. விமர்சக நண்பர் மட்டும், நீர் அவனை மாட்டிவிட்டீர், இது போதனை என்றார். இல்லை. அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவனைக் குற்றம் சாட்ட ஒரு பாத்திரத்தை நான் ஏற்பாடு செய்திருந்தால் அவர் சொல்வது சரி. அவன் சொன்ன கணக்கையும், படத்தில் முன்பே பார்த்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கூட்டிப் பார்ப்பது பார்க்கிறவன் பாடு.

இப்போது தகராறு காமிராவைப் பற்றி. ஒன்றரை நிமிஷமும் அண்ணன் முகத்திலேயே குளோஸப் என்கிறார் இயக்குநர். நடிகரின் கண்கள் நன்றாக இருக்கின்றனவாம். ‘நான்தான் அள்ளுனேன்’ என்கிற இடத்தில் மூன்று விநாடி அண்ணியின் மடியில் கிடக்கும் கைகளைக் காட்டச் சொல்கிறேன் நான். முகத்தை விட்டு நகர்ந்தால் உணர்ச்சி போய்விடும் என்கிறார். யாருடைய உணர்ச்சி என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வியாழக்கிழமை படப்பிடிப்பு.