டிப்போவில் வாங்கியதை வீட்டில் கொடுப்பதா?

அதிகாரியிடம் அடங்கிப் போகும் கோபம் வீட்டில் ஏன் சீறுகிறது? பதிலடி கொடுக்க முடியாத இடத்தில் எழும் சினம் எளியவர்மேல் பாயும் என்று 1939-இல் யேல் பல்கலைக்கழகத்து டொலார்டும் அவருடைய குழுவினரும் விளக்கினர். எளியவரிடம் சினம் காப்பதே உண்மையான அடக்கம் என்பதை வள்ளுவர் 'வெகுளாமை' அதிகாரத்தின் முதற் குறளிலேயே வைத்துவிட்டார்.

ஒரு பஸ் கண்டக்டரை எண்ணிப் பாருங்கள். டிப்போவில் கணக்கு ஒப்படைக்கையில் ஐம்பது ரூபாய் குறைகிறது. எல்லார் முன்னும் ஏச்சு. வீட்டில் மகள் பின்னக் கணக்கு கேட்கிறாள். "வந்ததும் வராததுமா தொல்லையா?" என்று கத்துகிறார். நோட்டு மூடிக்கொள்கிறது. டிப்போவில் நடந்ததை அறியாத குழந்தை, தவறு தன்னுடையதே என்று நினைக்கிறது.

மறுநாள் மிட்டாய் வாங்கித் தருவது பரிகாரமாகாது. அன்றிரவே அருகில் உட்கார்ந்து, "உன்மேல் தப்பில்லை, கண்ணு. வேற கோபத்தை உன்மேல் காட்டிட்டேன், அது என் தப்பு" என்று சொல்ல வேண்டும். "நீயும் அந்த நேரத்திலா கேட்பது?" என்று சேர்த்தால் அத்தனையும் வீண். பிறகு, மூடிய நோட்டை அவரே திறந்து, விட்ட கணக்கைச் சொல்லித்தர வேண்டும்.

தகப்பன் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்பாரை நான் ஒப்பவில்லை. மறுநாள் மகள் தயங்காமல் நோட்டோடு வந்தால் காயம் ஆறிற்று. வாசலிலேயே அப்பாவின் முகத்தை அளந்தால் இன்னும் ஆறவில்லை. வாரந்தோறும் மன்னிப்பு என்றால் அச்சொல் செல்லாக்காசு. அவர் வாசலிலேயே மனைவியிடம், "இன்னிக்கு டிப்போவில் தகராறு, பத்து நிமிஷம் தனியா இருக்கேன்" என்று சொல்லப் பழகட்டும். கை நீண்டுவிட்ட வீட்டிலோ சொல் மட்டும் போதாது. அந்தக் கை நிற்க வேண்டும்.