ஆண்டுக்கு ஆறு லட்சம்

நண்பரொருவரின் குமாரன், சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தோடு ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து காட்டி, ஆண்டுக்கு ஆறு லட்சம் என்று போட்டிருப்பதால் மாதம் ஐம்பதாயிரம் கைக்கு வருமென்று கணக்குச் சொன்னபோது, கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் பார்த்திருக்கவில்லை.

அந்த ஆறு லட்சம், சி.டி.சி. என்ற பெயரில் கம்பெனி அவனுக்காகச் செய்யும் மொத்தச் செலவேயன்றி, அவன் வாங்கப்போகும் சம்பளம் அன்று. மாதம் 50,000 ரூபாயில், வருஷக் கடைசியில் வேலையை மதிப்பிட்டுத் தரப்போகும் ‘வேரியபிள்’ 5,000 போயிற்று; அடிப்படைச் சம்பளமாகிய 25,000 ரூபாய்க்கு 12 சதவீத வீதம் கம்பெனி செலுத்தும் பி.எஃப். 3,000 போயிற்று, கிராஜுவிட்டிக்கென்று சுமார் 1,200 போயிற்று. மிஞ்சிய 40,800 ரூபாயிலும் அவன் பங்கு பி.எஃப். 3,000 பிடித்தால் கைக்கு வருவது 37,800. தொழில் வரி வேறு அரையாண்டுக்கொரு முறை உண்டு. பி.எஃப். அவன் கணக்கிலேயே சேருவதால் அதில் விசாரமில்லை. கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியரானால் பொதுவாக ஐந்தாண்டு நீடித்தவருக்கே கிட்டும். வேரியபிளோ வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆகையால் அது எந்த மாதம், எந்த அளவுகோலின்படி தரப்படும், நடுவில் விலகினால் என்னாகும் என்பதை எழுத்தில் கேட்பதே விவேகம்.

அடுத்தது, சேரும் தேதி. பழைய இடத்தில் அவனுக்கு நோட்டீஸ் 60 நாள். புதிய கடிதமோ 30 நாளில் சேராவிடில் நியமனம் ரத்தாகும் என்கிறது. ஹெச்.ஆர். அம்மாள் போனில், “அதெல்லாம் பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க” என்றாராம். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவரே அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், அந்த வாக்குக்குச் சாட்சி யார்?

ஆகவே ராஜினாமா கொடுக்குமுன் ஒரு மெயில் எழுத வைத்தேன். நியமனத்தை ஏற்கிறேன், பிடித்தம் போக மாதச் சம்பளம் சுமார் 37,800 என்று நான் கொண்டது சரிதானா? நோட்டீஸ் முடியும் தேதிக்கு மறுநாள் சேருகிறேன், கடிதத்தை அவ்வாறே திருத்தி அனுப்புங்கள். ரிலீவிங் லெட்டர் கிடைக்கச் சில வாரம் தாமதமாகலாமாதலால், சேரும் நாளில் ராஜினாமா ஏற்கப்பட்ட மெயில் போதுமா? அசல் சர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தருவீர்களா? இவ்வளவே விஷயம். அசலை வைத்துக்கொள்வோம் என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் வந்த பதிலில் தேதி திருத்தப்பட்டிருந்தது. சர்ட்டிபிகேட் அன்றே திருப்பித் தரப்படும் என்றும் இருந்தது. வேரியபிளுக்கு மாத்திரம் ‘கம்பெனி கொள்கைப்படி’ என்று சமத்காரமாக எழுதியிருந்தபடியால், அக்கொள்கையின் பிரதியொன்றை அனுப்பும்படி மறுபடியும் எழுதச் சொன்னேன்; அது வரும்வரை, 37,800 ரூபாயில் வாடகை கட்டிக் குடித்தனம் நடக்குமா என்று அவன் தாயார் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.