சாட் போனால் கணக்கு போகாது: ஒரு வாடகைத் தகராறும் நான் கற்ற பாடமும்



போன மாதம் நான் ஒரு தவறு செய்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "விடையைச் சரிபார்க்காமல் தாளை நீட்டாதே" என்று சொன்னவன், நானே சரிபார்க்காமல் ஒரு பையன் மேல் பழி போட்டுவிட்டேன். அதைச் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் பணம் அனுப்புகிறவர்களும் வாங்குகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பழைய மாணவன் குடியிருக்கிறான். சங்கரன்கோவிலிலேயே ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை. வாடகை 4,500 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுவான். பணம் வந்ததும் நம் பேச்சுக்கு நடுவே பெட்டி மாதிரி ஒன்று விழும். அதைப் பார்த்துவிட்டு நான் ஒரு கும்பிடு பொம்மை போடுவேன். இரண்டு வருஷமாக எங்களுக்குள் இதுதான் ரசீது.

மார்ச் ஒன்பதாம் தேதி என் போன் கீழே விழுந்து செத்துப்போனது. புதுப் போனில் அதே நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் எல்லாம் காலி. சாட் பேக்கப் எடுத்து வைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஏப்ரல் இரண்டாம் தேதி வாடகை நோட்டைப் பார்த்தேன். மார்ச் மாதத்துக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அஞ்சாம் தேதியே அனுப்பிட்டேன் சார்" என்று தன் போனைக் காட்டினான். அந்தப் பெட்டி அவன் போனில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது உன் போன்லதானப்பா இருக்கு. அனுப்பியிருந்தா எனக்கும் இருக்கணுமே? இந்தக் காலத்துல எந்தப் படத்தையும் செஞ்சுரலாம்." வாசலில் நின்று, அவன் மனைவி காதில் விழும்படி சொன்னேன். அவன் முகம் வாடிப்போனது. கோபப்படாமல், "சார், பாஸ்புக்கப் போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் வங்கிக்குப் போய், ஜனவரிக்குப் பிறகு பதியாமல் கிடந்த பாஸ்புக்கை மெஷினில் செருகினேன். மார்ச் ஐந்தாம் தேதிக்கு எதிரே வரவு 4,500. பக்கத்தில் இப்படி ஒரு வரி. சில எழுத்துகளை மறைத்துப் போட்டிருக்கிறேன்:

```
UPI/CR/5064XXXXXXXX/.../9XXXXXXXXX@waicici/...
```

இந்த வரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். CR என்றால் நமக்கு வரவு. DR என்றிருந்தால் நம் கணக்கிலிருந்து போனது. அடுத்து வரும் 12 இலக்க எண்தான் அந்தப் பரிமாற்றத்தின் அடையாளம். அனுப்பியவர் பக்கத்திலும் வாங்கியவர் பக்கத்திலும் இதே எண்தான் பதிவாகும். கடைசியில் @ குறிக்குப் பிறகு வருவது, அவர் எந்தச் செயலி வழியாக அனுப்பினார் என்பதைக் காட்டும். @waicici, @waaxis, @wahdfcbank, @wasbi இந்த நான்கில் ஒன்று இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்த பணம். வரி நீளமாக இருந்தால் பாஸ்புக்கில் அந்த முனை வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு. அப்போதும் 12 இலக்க எண் போதும்.

மாடிக்குப் போனேன். அவன் வாட்ஸ்அப்பில் Payments பக்கத்தைத் திறந்து, மார்ச் ஐந்தாம் தேதிப் பரிமாற்றத்தைத் தொட்டுக் காட்டினான். என் பாஸ்புக்கில் இருந்த அதே பன்னிரண்டு இலக்கம். "மன்னிச்சிருப்பா" என்றேன். "விடுங்க சார்" என்றான். வாசலில் சத்தமாகச் சொன்னதால், மன்னிப்பையும் அவன் மனைவி காதில் விழும்படியே சொன்னேன்.

இனி, என் தவறு எங்கே என்று பார்ப்போம். சாட்டில் விழும் அந்தப் பெட்டியும் பணக் கணக்கும் ஒன்று என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. ஒரே திரையில் தெரிந்தாலும் அவை இருக்கும் இடம் வேறு, அவற்றுக்கான விதி வேறு.

நாம் பேசும் பேச்சு பூட்டிப் போகிறது. சாவி பேசுகிற இரண்டு பேர் போனிலும்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் கம்பெனியால் அதைப் படிக்க முடியாது. அதனால்தான் போன் செத்து, பேக்கப்பும் இல்லையென்றால் பேச்சு போனது போனதுதான். பணம் அப்படிப் பூட்டிப் போக முடியாது. யார், யாருக்கு, எவ்வளவு என்பதை இரண்டு வங்கிகளும், யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகமும் படித்தாக வேண்டும். படிக்காமல் எப்படி என் கணக்கில் வரவு வைப்பார்கள்? ஆகவே பணத்தின் பதிவு வங்கிகளின் கணினியில் இருக்கிறது. என் போன் கிணற்றில் விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

இந்தப் பதிவை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. நம் நாட்டுப் பணப்பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6 அன்று உத்தரவிட்டு, ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. வாட்ஸ்அப் அந்த வருஷம் பிப்ரவரியில்தான் பணம் அனுப்பும் வசதியைச் சோதனையாகத் தொடங்கியிருந்தது. இரண்டரை வருஷத்துக்கும் மேல் காத்திருந்து 2020 நவம்பரில்தான் முழு அனுமதி வந்தது. அதுவும் முதலில் இரண்டு கோடிப் பேருக்கு மட்டும். அந்த உச்சவரம்பு படிப்படியாக உயர்ந்து, 2024 டிசம்பர் 31 அன்றுதான் முற்றிலும் நீங்கியது.

"எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதிதானே" என்று என் தம்பி கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணத்தின் பதிவைப் பார்க்க வங்கிக்கு உரிமை உண்டு, வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்துக்கும் உண்டு. அதே பெட்டியில் நான் என் மகளோடு பேசியதும் கிடந்தால், வாடகைக் கணக்கு பார்க்க வருகிறவர் எங்கள் வீட்டுச் சண்டையையும் படிப்பார். பேச்சையும் பணத்தையும் பிரித்து வைத்ததே சரி என்பது என் கட்சி. பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறியாமல் இருப்பதுதான் சங்கடம்.

சரி, கணக்கு வேண்டுமென்றால் எப்படி எடுப்பது?

சும்மா பார்த்துக்கொள்ள வாட்ஸ்அப்பே போதும். ஆண்ட்ராய்டு போனில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Payments என்பதற்குள் போங்கள். ஐபோனில் Settings வழியாக Payments. அங்கே பரிமாற்றப் பட்டியல் இருக்கும். வேண்டியதைத் தொட்டால் தேதி, தொகை, 12 இலக்க எண் எல்லாம் வரும். சாட்டை அழித்தாலும் இந்தப் பட்டியல் அதோடு அழியாது. புதுப் போன் என்றால் வங்கிக் கணக்கை மறுபடி இணைக்க வேண்டும். வங்கியில் பதிந்த நம்பரின் சிம் அதே போனில் இருந்தால்தான் அது நடக்கும். நான் இணைக்காமல் விட்டதால் எனக்கு அந்தப் பட்டியலும் தெரியவில்லை.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். Settings பக்கத்தில் Account என்பதற்குள் Request account info என்று ஒன்று உண்டு. கேட்டால் சுமார் மூன்று நாளில் ஓர் அறிக்கை தருவார்கள். அதில் நம் சுயவிவரம், தொடர்புகள், குழுக்களின் பெயர்கள் வரும். சாட் வராது. வாடகைச் சண்டையைத் தீர்க்க அது உதவாது.

பிறர் ஏற்கும்படியான கணக்கு வேண்டுமென்றால் வங்கிதான் ஒரே இடம். நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ தேதி கொடுத்து ஸ்டேட்மென்ட் எடுக்கலாம். என் வயதுக்காரர்கள் கிளைக்கே போய் எழுதிக் கொடுத்து, முத்திரையும் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வங்கி ஏட்டின் சான்றிட்ட நகலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க 1891-ஆம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்த மரியாதை இல்லை. பரிமாற்ற விவரங்களை வங்கிகள் குறைந்தது ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆகவே போன வருஷத்துக் கணக்கு போயிற்றே என்று யாரும் பதற வேண்டாம்.

அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்து, வாங்குகிறவருக்கு வராமல் நிற்பதும் உண்டு. ஒருவருக்கொருவர் அனுப்பும் பணம் அப்படி நின்றால், மறு நாளுக்குள் அது திரும்பி வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. கடைக்குக் கட்டிய பணத்துக்கு ஐந்து நாள் அவகாசம். இதற்குப் புகார் கொடுக்கும்போதும் கேட்கப்படுவது அந்த 12 இலக்க எண்தான். வங்கி முப்பது நாளில் சரியான பதில் தராவிட்டால் cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசியாக ஒன்று. வங்கிப் பதிவு யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று சொல்லும். எதற்காக என்று சொல்லாது. "மார்ச் வாடகை சார்" என்று அவன் தட்டிய வார்த்தை சாட்டில் இருந்தது, அது என் போனோடு போய்விட்டது. பாஸ்புக்கில் 4,500 வந்ததற்குச் சான்று உண்டு. அது வாடகையா, கைமாற்றைத் திருப்பிக் கொடுத்ததா என்பதற்கு இல்லை. எங்கள் இருவரிடமும் நாணயம் இருந்ததால் முடிந்தது. சீட்டுப் பணம், பங்காளிக் கடன், நிலத்துக்கு முன்பணம் என்று இருந்திருந்தால் இது வாசலோடு முடிந்திருக்காது.

அதனால் இப்போது மாடி வீட்டுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். தேதி, தொகை, எந்த மாத வாடகை, 12 இலக்க எண். நான்கும் எழுதி நான் கையெழுத்துப் போடுகிறேன். ஏப்ரல் வாடகைக்கு அவன் பணம் அனுப்பிவிட்டு நோட்டோடு கீழே வந்தான். எண்ணை நான் வாசிக்க, அவன் போனைப் பார்த்துச் சரிபார்த்தான். எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தவனிடம் நான் ஒப்பித்தது இதுதான் முதல் தடவை.

உங்களில் வாடகை வாங்குகிறவர்கள், சீட்டு நடத்துகிறவர்கள், உறவுக்குள் கடன் கொடுத்தவர்கள், இந்த வாரமே பாஸ்புக்கை ஒரு முறை பதிந்துவிடுங்கள். அதற்குப் பிறகு யாரிடமாவது "நீ அனுப்பல" என்று சொல்லுங்கள்.