திப்பு சுல்தான் வாங்கிய குதிரை

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழா. சாமி கும்பிட வருகிற கூட்டம் ஒரு பக்கம், குதிரைச் சந்தையைப் பார்க்க வருகிற கூட்டம் இன்னொரு பக்கம்.

இந்த விழாவின் வரலாற்றைப் பத்து நிமிஷ வீடியோவாக எடுக்க நண்பர்கள் நாலு பேர் கிளம்பினால், ஸ்கிரிப்டின் முதல் வரி தானாக வந்து விழும்: 'திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை இது!' திரையில் திப்புவின் ஓவியம். பின்னணியில் குளம்படிச் சத்தம். ஜோர்!

தொல்லை என்னவென்றால், அந்த ஓவியத்தில் அந்தியூர் இல்லை. திப்பு என்று ஒருவர் இருந்தார் என்பதற்குத்தான் அது சாட்சி. ஆனால் குரலும் படமும் சேர்ந்து வந்தால், பார்க்கிறவர் அதையே குதிரை வாங்கிய ரசீதாக எடுத்துக்கொள்வார்.

ஆகவே காகிதத்தை எடுங்கள். இடது பக்கம் படம், வலது பக்கம் குரல். இது வழக்கம். மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, 'எப்படித் தெரியும்?' என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேராக 'பார்த்தது', 'காகிதத்தில் இருப்பது', 'கேள்விப்பட்டது' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்.

எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மைக் முன்னால், "எங்க அப்பாரய்யன் சொல்லுவாருங்க, திப்பு ஆளுக வந்து குருதை வாங்கிட்டுப் போனாங்கன்னு" என்கிறார். திப்பு இறந்தது 1799-ல். அப்பாரய்யனே பார்த்திருக்க முடியாது. அதனால் அந்த வரியை வெட்ட வேண்டாம். பெரியவர் முகத்தோடு, அவர் குரலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் குரல், 'அதுவரை இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது' என்பதோடு நிற்கட்டும். நடந்திருக்கலாம் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

அடுத்து, அவர் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். "சின்ன வயசுல குருதையெல்லாம் எங்கீங்க கட்டுவாங்க? வெலை எப்படிப் பேசுவாங்க?" துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியதை அவர் செய்து காட்டினால், அதற்கு எந்த ஓவியமும் ஈடாகாது.

பழைய காகிதம் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஈரோடு தனி மாவட்டமானது 1979-ல்தான். அதற்கு முந்தைய சங்கதியெல்லாம் கோயம்புத்தூர் பெயரில் இருக்கும். நிக்கல்சனின் 1887-ம் வருஷத்து மேனுவலும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்குத்தான்.

பழைய போட்டோ கிடைத்தால், 'அறுபதுகளில் எடுத்தது' என்று வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எழுதாதீர்கள். குதிரைக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கும். நம்பர் டி.என். என்று ஆரம்பித்து, உடனே அடுத்து எழுத்து இல்லாமல் எண் வந்தால் படம் 1989-க்கு முந்தையது அல்ல.

கடைசியாக, வாட்ச்சைப் பார்த்து உரக்கப் படியுங்கள். நிமிஷத்துக்கு நூறு வார்த்தையைத் தாண்டினால் கிரிக்கெட் காமெண்ட்ரியாகிவிடும். பெரியவர்களுக்கு நாலு நிமிஷம், சந்தைச் சத்தத்துக்கு ஒன்று போக, உங்களுக்கு மிஞ்சுவது ஐந்நூறு வார்த்தை. இடம் போதவில்லை என்றால் திப்புவை வெட்டலாம், துண்டை வெட்டாதீர்கள்.